பக்கத்து சீட்டுக்கு எழுதிய கலாட்டா

உங்களில் ஒருத்தி போன வாரம் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பி, "ஆன்ட்டி, இதை ஆபீஸ் குரூப்பில் போடலாமா, பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டாள். பக்கத்து மேஜைக்காரர் போனில் கத்திக் கத்திப் பேசுகிறாராம், வேலையே ஓடவில்லையாம். அவள் எழுதியிருந்தது நல்ல ஆங்கிலம். முதல் வரியில் "தயவுசெய்து", கடைசி வரியில் "நன்றி", நடுவில் இருந்தது எல்லாம் வசவு. போடாதே என்று மட்டும் பதில் அனுப்பினேன். ஏன் என்று கேட்டாள். அதற்கு மெசேஜ் போதாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கலாம்.

நம் வேலை காது வேலை. எங்கேயோ ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, வாயில் எதையோ மென்றுகொண்டே குறிப்பு சொல்லுவார். அதை மெஷின் ஒரு மாதிரியாக எழுதிக் கொடுக்கும். நாம் கேட்டுத் திருத்த வேண்டும். மெஷினுக்கு வெட்கம் கிடையாது. புரியாத இடத்திலும் புரிந்தது போல ஒரு வார்த்தையைப் போட்டுவிடும். நம் தொழிலின் மரியாதையே, புரியாத இடத்தைக் காலியாக விட்டு, "இங்கே கேட்கவில்லை" என்று குறி போட்டு வைப்பதில்தான் இருக்கிறது. இதை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். பக்கத்து சீட்டைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கள் கம்பெனி சொந்தக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு, பெங்களூர் அல்சூர் பக்கம் பழைய மெட்ராஸ் ரோட்டில் வாடகை மேஜைகள் போட்ட ஒரு மாடிக்கு வந்தது. ஒரே ஹாலில் நாலைந்து கம்பெனி. ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ போகும். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப் போயிற்று. வீடு ஜோகுபாளையம். காலையில் மாதா கோவில் பூசை முடித்துவிட்டு நடந்தே வந்துவிடலாம். நான் மெதுவாகப் பேசுகிறவள் என்பதால் அந்த மாடியில் எனக்கு "லைப்ரரி அக்கா" என்று பெயர் வைத்திருந்தார்கள். நேரில் கூப்பிட மாட்டார்கள், ஆனால் காது வேலைக்காரிக்குக் கேட்காதா?

என் இடது பக்க மேஜைக்கு வந்தவர்தான் செந்தில். நாமக்கல்காரர். ஒரு லாரி கம்பெனிக்கு இங்கே இருந்த ஒரே ஆள். ரோட்டில் ஓடும் வண்டிகளின் டிரைவர்களோடு பேசுவது, லோடு சொல்லுவது, வழி சொல்லுவது, கோபத்தைத் தணிப்பது எல்லாம் அவர் வேலை. நாளெல்லாம் போன். அதுவும் எப்படிப்பட்ட போன்! நாமக்கல்லுக்கு நேராகவே கேட்டுவிடும், டவரே தேவைப்படாது.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படித் தெரிந்ததுதான். முதலாளி இந்த மேஜையைச் சோதனைக்காகத்தான் எடுத்திருக்கிறார் என்று தெரியும். மாடியை நடத்துகிறவர்கள் சத்தத்துக்காக ஏற்கெனவே ஒரு தடவை வாய்வார்த்தையாக எச்சரித்துவிட்டார்கள், இனி எழுத்தில் ஒரு புகார் போனால் மேஜையைக் காலி செய்துகொண்டு நாமக்கல் போக வேண்டியதுதான் என்று தெரியும். அவர் மனைவிக்கு அப்போதுதான் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. மேஜை போனால் ஆளுக்கொரு ஊர். இதையெல்லாம் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு மனைவியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மொத்த மாடியும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏசி ஓடுகிற சத்தம், மெட்ரோ போகிற சத்தம் எல்லாம் ஒன்றும் செய்யாது பிள்ளைகளே. காது அதைப் பழகிக்கொண்டு ஓரமாக வைத்துவிடும். புரிகிற பேச்சுதான் ஆகாது. அதிலும் ஒரு பக்கம் மட்டும் கேட்கிற போன் பேச்சு இருக்கிறதே, அது ரொம்பக் கெட்டது. இவர் "அப்புறம் என்னங்ணா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவார். அந்தப் பக்கம் என்ன ஆச்சு என்று என் மனசு தானாகவே கதை கட்ட ஆரம்பித்துவிடும். டாக்டர் இங்கே ஈரலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் தொப்பூர் கணவாயில் நின்றுபோன லாரியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் டாக்டர் ஒரு மருந்தின் அளவைச் சொன்னார். பதினைந்தா ஐம்பதா என்று குழப்பம் வருகிற அந்த இங்கிலீஷ் எண்தான், உங்களுக்கும் தெரியும். என் காதில் பதினைந்து என்று தெளிவாகத்தான் விழுந்தது. அதே நொடியில் பக்கத்தில், "அம்பதுங்க, அம்பது மூட்டைங்க" என்று ஒரு முழக்கம். என் விரல் ஐம்பது என்று அடித்துவிட்டது. காது ஒருவரை நம்பியது, விரல் இன்னொருவரை நம்பியது. பழக்க தோஷத்தில் திரும்ப ஓட்டிக் கேட்டதால் பிடித்தேன். கேட்காமல் விட்டிருந்தால் எங்கேயோ ஒரு பெரியவரின் மருந்துச் சீட்டில் நாமக்கல் மூட்டைக் கணக்கு ஏறியிருக்கும். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

என்ன செய்யலாம்? மாடியைப் பார்த்துக்கொண்ட காவ்யா என்ற பெண்ணிடம் புகார் எழுதலாம். எழுதினால் அந்த மனிதரின் குடும்பம் இரண்டாகும். குரூப்பில் பொதுவாக, "சிலர் சத்தமாகப் பேசுகிறார்கள்" என்று போடலாம். அது எல்லாவற்றையும்விட மோசம். யாரைச் சொல்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும், சம்பந்தப்பட்டவரைத் தவிர. கூடவே நாலு பேர் கட்டைவிரல் போடுவார்கள். அப்புறம் அது கும்பல் அடி. நேரில் சொல்லலாம் என்றால் அவர் போனை வைத்தால்தானே. போன் பேசக் கண்ணாடிக் கூண்டு இரண்டு இருந்தன, ஆனால் அவை முன்கூட்டியே புக் செய்கிறவர்களுக்கு. டிரைவர் புக் செய்துகொண்டா கூப்பிடுவார்?

ஆகவே எழுதுவது என்று முடிவு செய்தேன். அவருக்கு மட்டும், ஒரு சின்னக் காகிதத்தில். அன்றைக்கே எழுதவில்லை, எழுதினால் வேர்த்த உள்ளங்கைதான் எழுதும். மறுநாள் காலையில் முதலில் இங்கிலீஷில் எழுதினேன், வக்கீல் நோட்டீஸ் போல இருந்தது. பள்ளிக்கூடத் தமிழில் எழுதினேன், பிஷப்புக்கு விண்ணப்பம் போல இருந்தது. சரி, வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுவோம், அதுதான் பாசமாக இருக்கும் என்று இப்படி எழுதினேன்:

"தம்பி, நான் பக்கத்து சீட் அக்கா. எனக்குக் காதால செய்யற வேலை. உங்க பக்கம் கலாட்டா ஜாஸ்தி இருக்கு. நேத்து அதுல ஒரு மருந்து அளவு தப்பாப் போகப் பாத்துச்சு. கொஞ்சம் கம்மி பண்ணா எனக்கு உபகாரமா இருக்கும். என்னால உங்களுக்கு எதாவது தொந்தரவுன்னா நீங்களும் சொல்லுங்க."

இன்றைக்கும் சொல்லுவேன், ஒரு வார்த்தையைத் தவிர அது நல்ல காகிதம்தான். ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு என்ன ஆனது என்பதைத்தான் சொன்னேன். கேட்டதும் ஒரே ஒரு விஷயம். அவர் சாப்பிடப் போனபோது கீபோர்டின் மேல் வைத்துவிட்டு, பெரிய காரியம் சாதித்தவள் போல வந்து உட்கார்ந்தேன்.

அந்த ஒரு வார்த்தைதான் காலை வாரிவிட்டது. பெங்களூரில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு, கன்னடக்காரர்கள் சொல்லிச் சொல்லி, கலாட்டா என்றால் சும்மா சத்தம். குழந்தை அழுதாலும் கலாட்டா, மிக்ஸி ஓடினாலும் கலாட்டா. நாமக்கல்லில் கலாட்டா என்றால் வேறு என்று எனக்கு யார் சொன்னது?

செந்தில் வந்தார், படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் மேஜையில் பேச்சே இல்லை. எந்தப் போன் வந்தாலும் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடுவார். இரண்டு போனையும் மணி அடிக்காமல் அதிர மட்டும் வைத்துவிட்டார். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று, "வணக்கமுங்க" என்பார். முன்பெல்லாம் "அக்கா, டீ சாப்புட்டாச்சுங்களா?" என்று கேட்கிறவர். நான் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் அது நான் கேட்ட மாதிரி இல்லை. கோபக்காரர் போலிருக்கிறது, சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். டாக்டர்களின் குரல் தெளிவாகக் கேட்டது. அந்த நிம்மதியில் மற்றதை நான் யோசிக்கவில்லை.

அந்தப் படிக்கட்டில் சிக்னல் பாதிதான் கிடைக்கும். அதையும் நான் யோசிக்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு மதியம், அவர் ஒரு போனோடு படிக்கட்டுக்குப் போயிருந்தார். இன்னொன்று மேஜையில் சார்ஜில் கிடந்தது. அது அதிர்ந்து அதிர்ந்து மேஜையில் நகர்ந்துகொண்டே வந்தது. திரையில் "முருகேசண்ணன் வண்டி" என்று பெயர். நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. நின்றது. மறுபடியும். அடுத்தவர் போனைத் தொடுவது தப்பு, அதிலும் அப்படி ஒரு காகிதம் கொடுத்த நான் தொடுவது ரொம்பத் தப்பு. ஆனால் விடாமல் கூப்பிடுகிற போனில் ஒரு அவசரம் தெரியும். காதுக்காரிக்கு அது அதிர்வில் கூடத் தெரியும். எடுத்தேன்.

"செந்திலு… தம்பி… நெஞ்சுல கல்லத் தூக்கி வெச்சாப்டி இருக்குதுப்பா. இந்தக் கையி வரைக்கும் இழுக்குது. சட்டையெல்லாம் தண்ணியா ஊத்துது."

பின்னால் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. இந்த வரிகளை நான் எத்தனையோ டாக்டர்களின் வாயால் கேட்டு டைப் செய்திருக்கிறேன். அவர்கள் சொல்லும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். இது நடந்துகொண்டிருந்தது.

"அண்ணா, வண்டியை ஓரமா நிறுத்துங்க" என்றேன், என் லைப்ரரிக் குரலில்.

"ஆரு? ஒண்ணும் கேக்கலீங்க. செந்தில் இல்லீங்களா? வெச்சுரட்டுங்களா?"

வைத்துவிடுவார் என்று தெரிந்ததும் என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியாது. எழுந்து நின்றுவிட்டேன்.

"வைக்காதீங்க! அண்ணா, வைக்காதீங்க! வண்டியை ஓரங்கட்டுங்க! இன்ஜினை ஆஃப் பண்ணுங்க!"

ஹால் முழுக்கத் தலைகள் திரும்பின. இன்ஜின் நின்றது. ஹைவேயில் பெரிய வண்டிகள் சீறிக்கொண்டு போவது கேட்டது. "எங்கே இருக்கீங்க? எந்த ஊரு?" என்று கத்தினேன். அவர் சொன்னார். ஒரு லாரி கடந்தது. எனக்குக் கிடைத்தது கடைசி இரண்டு எழுத்துதான்: "கிரி".

நாமக்கல் வண்டிகள் ஓசூர் வழியாகத்தான் போய்வரும். அந்த வழியில் சூளகிரியும் இருக்கிறது, கிருஷ்ணகிரியும் இருக்கிறது. நடுவில் அரை மணி நேரத் தூரம். வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் செந்திலின் லேப்டாப் பூட்டிக் கிடந்தது. கிருஷ்ணகிரிதானே பெரிய ஊர், அதுவாகத்தான் இருக்கும் என்று மனசு சொன்னது. அந்த மனசைத்தான் நான் இத்தனை வருஷமாக நம்பாமல் இருக்கப் பழகியிருக்கிறேன். மெஷின் செய்வது அதுதானே. கேட்காததை நிரப்பக் கூடாது. ஆனால் இங்கே காலியாகவும் விட முடியாது.

"சூளகிரியா, கிருஷ்ணகிரியா? சூளகிரின்னா ஒண்ணு சொல்லுங்க, கிருஷ்ணகிரின்னா ரெண்டு சொல்லுங்க!"

"ஒண்ணு… ஒண்ணுங்க. டீக்கட முன்னால."

"டீக்கடைக்காரரைக் கூப்பிடுங்க! போனை அவர்கிட்ட குடுங்க!"

இங்கிருந்து நான் ஆம்புலன்சுக்கு அடித்தால் கர்நாடகத்துக்காரர்கள்தான் எடுப்பார்கள். அவர் இருந்தது தமிழ்நாட்டில். அங்கிருப்பவர் அடித்தால்தான் அங்கே போய்ச் சேரும். டீக்கடைக்காரர் நல்ல மனிதர். நான் கத்திய கத்தலில் பயந்தே போய் உடனே வேறொரு போனில் அடித்தார். ஆளை நடக்க விடாதீர்கள், உட்கார வையுங்கள், சட்டைப் பொத்தானைக் கழற்றுங்கள் என்று இங்கிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எங்கள் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது.

செந்தில் ஓடி வந்தார். போனைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் பேசினார், பழைய குரலில். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு தைரியம் வந்தது தெரியுமா? அந்த முழக்கம் எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது. பயந்துபோன ஒருவர் ரோட்டோரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, அவருக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை.

முருகேசண்ணனை ஓசூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அடைப்பை எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டார் என்று சாயங்காலம் தகவல் வந்தது. செந்தில் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"படிக்கட்டு வரைக்கும் கேட்டுச்சுங்க அக்கா. மொதல்ல ஆரோன்னு நெனச்சுட்டனுங்க."

"போனை விட்டுட்டு ஏன் தம்பி படிக்கட்டுக்குப் போறீங்க? அங்க சிக்னலே வராதே."

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். மடிப்பில் நைந்திருந்தது. "நீங்கதானுங்க எழுதியிருந்தீங்க. நான் கலாட்டா பண்றனுன்னு. நான் ஆருகிட்டயும் சண்டைக்குப் போனதில்லீங்க. ஒருத்தரக் கை நீட்டுனதில்லீங்க. இது மேல போச்சுன்னா நம்ம சோலி முடிஞ்சுதுன்னு பொழுதன்னிக்கும் பயந்துட்டு இருந்தனுங்க."

நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். "கலாட்டான்னா சத்தம்தானே தம்பி?"

"எங்கூர்ல கலாட்டான்னா அடிதடிங்க அக்கா. போலீஸ் வருமுங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்புறம் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி சிரிப்புத் தண்ணீர், பாதி வேறு. பாசமாக இருக்கட்டும் என்று வீட்டு வார்த்தையைப் போட்டு ஒரு மனிதரை ரவுடியாக்கி, படிக்கட்டுக்குத் துரத்தியிருக்கிறேன். நீங்கள் யாருக்கு எழுதினாலும், உங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பார்க்காதீர்கள். அவர் வீட்டில் என்ன அர்த்தம் என்று பாருங்கள். முடிந்தால் கொடுத்துவிட்டு ஓடி வராமல், அவர் படித்து முடிக்கிறவரை பக்கத்தில் நில்லுங்கள்.

சத்தத்துக்கும் அன்றைக்கே வழி பார்த்தோம். அவருடைய ஹெட்செட் இரண்டு காதையும் அடைத்துக்கொள்கிற வகை. தன் குரல் தனக்கே கேட்காவிட்டால் யாராயிருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள். பேசுகிற மைக்கோ மேலே நெற்றிப் பக்கம் தூக்கிக் கிடந்தது. டிரைவர் கேட்கவில்லை என்பார், இவர் இன்னும் கத்துவார். மைக்கை இழுத்து வாயோரத்தில், இரண்டு விரல் இடைவெளியில் வைத்தேன். ஒரு காதைத் திறந்துவிடச் சொன்னேன். வேறொரு டிரைவருக்குப் போட்டு, என்னிடம் பேசுகிற மாதிரியே பேசிப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் நல்லா கேக்குதாமுங்க" என்றார், ஏமாந்து போனவர் போல.

அப்புறம் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. கஷ்டமான டாக்டர் வந்தால் என் எவர்சில்வர் டம்ளரை நடுத்தடுப்பின் மேல் வைத்துவிடுவேன். அதைப் பார்த்ததும் அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். அவருக்கு அவசரம் என்றால் டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைப்பார். நான் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டு டீ வாங்கப் போவேன், இரண்டு பேருக்கும்.

மறுநாள் காவ்யா தயங்கித் தயங்கி என் மேஜைக்கு வந்தாள். "மேடம், நிம்ம மேலே ஒந்து கம்ப்ளேண்ட் பந்திதெ" என்றாள். என் மேல் ஒரு புகார் வந்திருக்கிறதாம். எதிர் வரிசைக் கம்பெனிக்காரர்கள், விஷயம் தெரியாமல், எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கலாட்டே ஜாஸ்தி அந்தெ" என்றாள். கலாட்டா ஜாஸ்தியாம்.

செந்தில் எட்டிப் பார்த்து, "அக்கா, போலீஸ் வருமுங்களா?" என்று கேட்டார்.

காவ்யா விஷயத்தைச் சொன்னதும் எதிர் வரிசைக்காரர்கள் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். செந்திலின் மேஜையும் நிலைத்தது. முதலாளி ஒரு நாள் நேரில் வந்து பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு மேஜையும் எடுத்தார். அதன் பிறகு நான் வேலையில் இருந்த வருஷங்களெல்லாம் அந்தக் குரலுக்குப் பக்கத்தில்தான் கழிந்தன. அவருக்கு மகள் பிறந்ததை நான் முதலில் கேட்டது அவர் போனில் பேசியபோதுதான். சேலத்தில் மழை, ஆனேக்கல்லில் டிராபிக், யாருடைய பையனுக்கு வேலை, எல்லாம் தடுப்பைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது, கொஞ்சம் மெதுவாக.

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு வீடு அமைதியாக இருக்கும். கோவில் மணியும் குக்கரும்தான் சத்தம். இப்படி ஒரு அமைதி கிடைத்தால் எத்தனை டாக்டர்களைத் திருத்தித் தள்ளலாம் என்று ஒரு காலத்தில் ஏங்கியிருக்கிறேன். இப்போது சில சமயம் சும்மாவே ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறேன். அந்த மாடிக்காக ஏங்குகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வேலையை விட்டு நின்ற அடுத்த வாரம், நான் மறந்துவைத்துவிட்டு வந்த டம்ளரைச் செந்தில் ஒரு ஆள் மூலம் என் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். உள்ளே நாலாக மடித்த ஒரு காகிதம். அதை மட்டும் எழுதிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

"அக்கா, நான் பக்கத்து சீட் தம்பிங்க. உங்க பக்கம் கலாட்டா ரொம்பக் கம்மியா இருக்குதுங்க. வேலையே ஓட மாட்டேங்குது. கொஞ்சம் ஜாஸ்தி பண்ணா எனக்கு உபகாரமா இருக்குமுங்க."